‘திருமணமாகாத பெண்கள் தேவை’: வேலை விளம்பரத்தைத் திருத்தி எழுதுவது எப்படி?

வேலை விளம்பரம் எதுவாக இருந்தாலும் அதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கும். செய்யவேண்டிய வேலை என்ன என்பது ஒன்று. அதற்கு எப்படிப்பட்ட ஆள் வரவேண்டும் என்பது மற்றொன்று. நாளிதழ்களின் வரி விளம்பரங்களிலும், பேருந்து நிலையத்துச் சுவரொட்டிகளிலும், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அறிவிப்புகளிலும் முதலாவது சுருங்கியும் இரண்டாவது பெருத்தும் இருப்பதைக் காணலாம். வயது, ஆணா பெண்ணா, மணமானவரா, பார்க்க எப்படி இருக்கவேண்டும், எந்த ஊர் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். எத்தனை மணி நேர வேலை, சம்பளம் எவ்வளவு, வார விடுமுறை உண்டா என்பது இருக்காது. பாரபட்சமான சொற்கள் நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலையை விவரிக்கச் சோம்பல்பட்டு விட்ட இடத்தை ஆளை விவரிக்கும் சொற்கள் நிரப்பிவிடுகின்றன.

ஆகவே விளம்பரத்தைத் திருத்துவதென்றால், ‘கூடாத’ சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துவிடுவது அல்ல. ஆளைப் பற்றிய ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, “இந்த வேலையின் எந்தப் பகுதி இதைக் கேட்கிறது?” என்று விசாரிப்பதே அதன் வழி. பதில் மூன்று விதமாக வரும். எந்தப் பகுதியும் கேட்கவில்லை என்றால் சொல்லை நீக்கிவிடலாம். ஏதோ ஒரு பகுதி கேட்கிறது, ஆனால் சொல் அதை நேராகச் சொல்லவில்லை என்றால், அந்தப் பகுதியையே எழுதவேண்டும். சட்டமோ வேலையின் இயல்போ உண்மையிலேயே கேட்கிறது என்றால், காரணத்தோடு அப்படியே வைத்துக்கொள்ளலாம். அனுபவத்தில் பெரும்பாலான சொற்கள் இரண்டாவது வகையில்தான் விழும்.

எடுத்துக்காட்டாக ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்றைப் பார்க்கலாம். இது எந்தக் கடையின் விளம்பரமும் அல்ல. அன்றாடம் கண்ணில் படும் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது.

“பிரபல ஜவுளிக்கடைக்கு சேல்ஸ் கேர்ள்ஸ் தேவை. வயது 18–25. திருமணமாகாதவர், நல்ல தோற்றம், நல்ல குடும்பப் பின்னணி உள்ளவர். உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமை. உடல் ஊனம் இல்லாதவர். ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும். கவர்ச்சிகரமான சம்பளம். நேரில் வரவும்.”

முதலில் பதவியின் பெயர். சேல்ஸ் கேர்ள், ஆபீஸ் பாய், வாட்ச்மேன், லைன்மேன் என்று ஆணோ பெண்ணோ பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வரும் பதவிகள் நிறைய. இவற்றில் ஒரு வேடிக்கை, பெரும்பாலும் ஒட்டியிருப்பது ஆங்கிலச் சொற்களில்தான். விற்பனையாளர், மேலாளர், ஓட்டுநர், செவிலியர், காவலர் என்று ‘அர்’ விகுதியில் முடியும் தமிழ்ச் சொற்கள் இருபாலருக்கும் பொருந்தும். எனவே சேல்ஸ் கேர்ள் விற்பனையாளர் ஆகலாம். ஆபீஸ் பாய் அலுவலக உதவியாளர் ஆகலாம்.

ஆனால் பெயரை மாற்றியதோடு வேலை முடியாது. கடைக்காரர் ஏன் பெண்களைக் கேட்கிறார் என்று விசாரித்தால், சேலைப் பிரிவுக்கு வரும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பெண்கள், ரவிக்கை அளவு எடுக்கவும் சுடிதார் போட்டுப் பார்க்கும் அறையில் உதவவும் பெண் தேவை என்பார். இதில் பாதி உண்மை இருக்கிறது. அறையில் உதவுவதும் உடலில் அளவெடுப்பதும் பெண்கள் செய்யவேண்டிய வேலை என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் சேலை விரித்துக் காட்டுவதும், சட்டைத் துணி கிழிப்பதும், பில் போடுவதும் அப்படியல்ல. பத்து ஆட்களில் இரண்டு பேர் செய்யும் வேலைக்காகப் பத்து இடங்களையும் பெண்களுக்கு என்று எழுதுவது துல்லியமற்ற விளம்பரம். அந்த இரண்டு இடங்களைத் தனியாகப் பிரித்து, ‘மகளிர் உடை மாற்றும் அறையில் உதவி: பெண்கள்’ என்று எழுதிவிட்டால், மீதி எட்டும் எல்லோருக்கும் திறந்துவிடும். பெண்கள் விடுதிக் காப்பாளர், பெண்களைச் சோதனையிடும் பாதுகாவலர் ஆகிய வேலைகளும் இதே கணக்கில் வரும்.

மறுபுறம், ‘ஆண்கள் மட்டும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒளிந்திருப்பது இரவுப் பணி, சுமை, ஆலைத்தளம் ஆகிய மூன்றில் ஒன்று. 1974-இல் டெல்கோ நிறுவனம் பொறியாளர்களுக்குக் கொடுத்த விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்ற குறிப்பு இருந்ததும், பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த சுதா மூர்த்தி அதைக் கண்டித்து ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதியதும் பலரும் அறிந்த கதை. ஆலைத்தளத்தில் அதுவரை பெண்களை வேலைக்கு வைத்ததில்லை என்பதே நேர்காணலில் தமக்குச் சொல்லப்பட்ட காரணம் என்று அவர் எழுதியிருக்கிறார். வழக்கம் என்பது வேலையின் தேவை ஆகாது. அவர் அங்கேயே பொறியாளராகச் சேர்ந்தார்.

இரவுப் பணியின் கதையும் ஏறக்குறைய இதுவே. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளோடு வேலை கொடுக்கவேண்டும் என்பதே அதன் நிலை. எனவே ‘இரவு வேலைக்கு ஆண்கள் மட்டும்’ என்பதற்குப் பதில் ‘பணி நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை, வீடு வரை வாகன வசதி உண்டு’ என்று எழுதலாம். இப்படி எழுதவேண்டி வந்தால் வாகனத்தையும் ஏற்பாடு செய்தாகவேண்டும் என்பதுதான் பல நிறுவனங்களின் தயக்கத்துக்குக் காரணம். ‘ஆண்கள் மட்டும்’ என்பது செலவில்லாத சொல்.

அடுத்து வயது. 18 என்ற கீழ் எல்லைக்கு நியாயம் உண்டு. வளரிளம் பருவத்தினரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. சரக்கு வாகனமோ பேருந்தோ ஓட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றை அப்படியே எழுதலாம். 25 என்ற மேல் எல்லைதான் கேள்விக்குரியது. கேட்டால், ‘சின்ன வயசுன்னா சொன்னதைக் கேப்பாங்க, சம்பளமும் கம்மியாக் கொடுக்கலாம்’ என்பது ஒளிவுமறைவற்ற பதிலாக வரும். அனுபவமில்லாதவரும் வரலாம் என்பதுதான் கடைக்காரர் சொல்ல நினைப்பது என்றால், ‘முன் அனுபவம் தேவையில்லை, பயிற்சி தரப்படும்’ என்று எழுதினால் போதும். நாற்பது வயதில் முதன்முதலாக வேலைக்கு வரும் பெண்ணும் அப்போது விண்ணப்பிப்பார். ‘துடிப்பான இளைஞர்கள்’ என்ற தொடரும் வயது எல்லைதான், எண் இல்லாமல். இலக்கணப்படி ‘இளைஞர்’ பொதுச்சொல்லே ஆனாலும், படிப்பவர் மனத்தில் பெரும்பாலும் ஓர் ஆண்பிள்ளைதான் வந்து நிற்பான்.

திருமணமாகாதவர் என்ற நிபந்தனை தமிழ்நாட்டில் வெறும் பழக்கமாக மட்டும் இருந்ததில்லை. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மணமாகாத பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, இறுதியில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்த துண்டறிக்கைகள் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போயின. அண்மைக் காலத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்கள் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு பிற்பகுதியில், ஆள் சேர்க்கும் முகவர்கள் விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடக்கூடாது என்று நிறுவனம் அறிவுறுத்தியதாகவும் அந்தச் செய்தி நிறுவனமே எழுதியது.

அரசுப் பணியில் இத்தகைய நிபந்தனை இன்னும் முன்பே வீழ்ந்தது. பெண் அதிகாரி மணம் செய்துகொள்ள அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்ற இந்திய வெளியுறவுப் பணி விதியை எதிர்த்து சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார்.

ஜவுளிக்கடைக்காரர் மணமாகாதவரைக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. மணமானவர் அடிக்கடி விடுப்பு எடுப்பார் என்பது ஒன்று. இரவு ஒன்பதரை மணிக்குக் கடை அடைக்கும்வரை நிற்கமாட்டார் என்பது இன்னொன்று. இரண்டுமே ஊகம். மணமான எத்தனையோ பேர் கடை அடைக்கும்வரை நிற்கிறார்கள். மணமாகாத எத்தனையோ பேரால் முடிவதில்லை. ஊகத்தை எழுதாமல் தேவையை எழுதலாம்: ‘பணி நேரம் மதியம் 12.30 முதல் இரவு 9.30 வரை, தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் வார விடுமுறை மாற்றித் தரப்படும்.’ இதைப் படித்து, தன்னால் முடியுமா என்று முடிவெடுக்க வேண்டியவர் விண்ணப்பதாரர்.

‘நல்ல தோற்றம்’ என்பதுதான் இந்த விளம்பரத்தில் மிக வழுக்கலான சொல். எழுதுகிறவர் மனத்தில் சுத்தமான உடையும் சீவிய தலையும் இருக்கலாம். படிக்கிறவர் மனத்தில் நிறம் வந்து நிற்கும். நம் ஊரில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடை சீருடை தருகிறது என்றால் ‘கடையின் சீருடை அணிய வேண்டும்’ என்று எழுதிவிட்டால் தோற்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது எல்லாம் சொல்லியாயிற்று. வாடிக்கையாளரோடு இன்முகத்தோடு பேசுவதைத்தான் நினைத்தார் என்றால், ‘வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து துணி எடுத்துக் காட்ட வேண்டும்’ என்பது சரியான வாசகம்.

‘நல்ல குடும்பப் பின்னணி’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது பல இடங்களில் சாதியைக் கேட்கும் மறைமுகக் கேள்வி. கேட்பவருக்கும் அது தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். நம்பிக்கையானவர் வேண்டும் என்பதே உண்மையான கவலை என்றால் அதற்கு வழிகள் இருக்கின்றன: முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு பரிந்துரை, அடையாளச் சான்று, கல்லாப்பெட்டிப் பொறுப்பில் இருப்பவர்க்கு மட்டும் காவல்துறை நன்னடத்தைச் சான்று. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல் வீட்டுச் சமையல் விளம்பரங்களில் வரும் ‘சைவர்கள் மட்டும்’. அந்த வீட்டுச் சமையலறையில் அசைவம் கூடாது என்றால் ‘சைவ உணவு மட்டும் சமைக்க வேண்டும், அசைவம் உள்ளே கொண்டுவரக் கூடாது’ என்று எழுதலாம். சமைக்க வருபவர் தம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறார் என்பது அந்தச் சமையலறையின் தேவைக்குள் வராது. கணக்குத் தெரிந்தவர், பத்துப் பேருக்குச் சாம்பார் வைக்கத் தெரிந்தவர் என்பதெல்லாம் வேலையைச் சொல்பவை. எந்தப் பிரிவினர் என்பது ஆளைச் சொல்வது.

உள்ளூர்வாசி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது வந்துசேர முடியுமா என்பது நியாயமான கவலை. ‘9 மணிக்குள் கடைக்கு வர வேண்டும், தங்குமிடம் இல்லை’ என்றால் பக்கத்து ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவரும் விண்ணப்பிப்பார். மொழி விஷயமும் இப்படித்தான். ‘தாய்மொழி தமிழாக இருக்க வேண்டும்’ என்பது பிறப்பைக் கேட்கிறது. ‘தமிழில் சரளமாகப் பேசவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்’ என்பது திறனைக் கேட்கிறது. தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் முதல் வாசகத்தில் வெளியே நிற்பார்கள், இரண்டாவதில் உள்ளே வருவார்கள்.

ஆங்கிலத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சேலைக் கடையில் எங்கே தேவைப்படுகிறது ஆங்கிலம்? பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அளவும் குறியீட்டெண்ணும் படிக்கத் தெரிந்தால் போதும் என்றால், ‘ஆங்கில எழுத்தும் எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும்’ என்பதே துல்லியம். ‘சரளமாக’ என்ற ஒரு சொல், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவரை அநாவசியமாக ஒதுக்கிவிடுகிறது.

உடல் ஊனம் இல்லாதவர் என்பதை அடித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுவதைவிட, வேலை உடலிடம் என்ன கேட்கிறது என்று எழுதுவது நல்லது. மேல் அலமாரியிலிருந்து துணிக் கட்டு இறக்க வேண்டுமா, கட்டின் எடை எத்தனை கிலோ, ஏணி ஏற வேண்டுமா? இவை விற்பனைப் பிரிவுக்குத் தேவைப்படலாம். பில் போடும் இடத்துக்குத் தேவையில்லை. அங்கே சக்கர நாற்காலியில் இருப்பவரும் வேலை செய்யலாம். நாள் முழுக்க நிற்க முடியவேண்டும் என்ற நிபந்தனையும் ஜவுளிக்கடை விளம்பரங்களில் தென்படுவதுண்டு. கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. இருக்கை தரவேண்டிய கடை, நிற்கும் திறனைத் தகுதியாகக் கேட்பது முரண். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து அறிவிக்கவேண்டும் என்கிறது. விளம்பரத்தின் கடைசியில் ‘நேர்காணலுக்கு ஏதேனும் வசதி தேவைப்பட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவும்’ என்ற ஒரு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் விளம்பரம் இப்படி அமையும்:

“ஜவுளிக்கடைக்கு விற்பனையாளர்கள் 8 பேர், மகளிர் உடை மாற்றும் அறையில் உதவ 2 பெண்கள் தேவை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. இரண்டு வாரப் பயிற்சி உண்டு. வாடிக்கையாளரின் தேவை கேட்டுத் துணி எடுத்துக் காட்ட வேண்டும். விற்பனைப் பிரிவில் 10 கிலோ வரை கட்டு தூக்க வேண்டியிருக்கும். தமிழில் பேசவும், ஆங்கில எழுத்தும் எண்ணும் படிக்கவும் தெரிய வேண்டும். நேரம் மதியம் 12.30–இரவு 9.30, வாரம் ஒரு நாள் விடுமுறை. சீருடை தரப்படும், தங்குமிடம் இல்லை. சம்பளம் மாதம் ரூ. ______. நேர்காணலுக்கு வசதி தேவைப்பட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.”

இது பழையதைவிட நீளம். வரிக்கு வரி காசு கொடுக்கும் நாளிதழ் விளம்பரத்தில் இடம் போதாது என்றால் முதலில் வெட்டவேண்டியவை ‘பிரபல’, ‘கவர்ச்சிகரமான’ போன்ற சொற்கள். சம்பளத் தொகையை வெட்டக்கூடாது. தொகை எழுதாத இடத்தில் பேரம் தொடங்கும். பேரத்தில் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளமும் பெண்ணுக்கு ஒரு சம்பளமும் முடிவாவது எளிது.

கண்ணுக்குத் தெரியும் நிபந்தனைகள் போக, தொனியிலும் பாரபட்சம் இருக்கக்கூடும். டேனியல் காஷர் உள்ளிட்ட மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஆராய்ந்தது. ஆண்கள் மிகுந்த தொழில்களின் ஆங்கில விளம்பரங்களில் ஆதிக்கம், போட்டி, தலைமை ஆகியவற்றைச் சுட்டும் சொற்கள் அதிகம் இருந்தன. அப்படி எழுதப்பட்ட விளம்பரங்கள் பெண்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை. தங்களால் அந்த வேலையைச் செய்யமுடியாது என்று அவர்கள் நினைத்ததால் அல்ல. அது தங்களுக்கான இடம் இல்லை என்று தோன்றியதால். அந்தச் சொற்பட்டியலைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் ‘டார்கெட்டை அடித்து நொறுக்கும் சிங்கங்கள் தேவை’ என்று காப்பீட்டு விற்பனைக்கு ஆள் தேடும் விளம்பரத்தைப் படித்தவர்களுக்கு ஆய்வு சொல்வது புரியும். ‘மாதம் 12 புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க வேண்டும்’ என்றால் எதிர்பார்ப்பு அதைவிடத் தெளிவாகத் தெரியும்.

சட்டம் எதுவரை துணை நிற்கும் என்பதையும் சொல்லவேண்டும். பணியமர்த்துவதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019, அதையே தொடர்கிறது. திருநர்களுக்கு வேலை மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் தடுக்கிறது. சாதி, மதம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்ற அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு அரசு வேலைக்கே பொருந்தும். தனியார் விளம்பரத்தில் வயது உச்சவரம்பு போடுவதைத் தடுக்கும் பொதுவான சட்டம் நாட்டில் இல்லை. ஆகவே வயது, தோற்றம், குடும்பப் பின்னணி போன்றவற்றைத் திருத்தும் பொறுப்பு விளம்பரம் எழுதுகிறவர் கையிலேயே பெரிதும் இருக்கிறது.

விளம்பரம் திருந்தியபின் மீதி இருப்பது விண்ணப்பப் படிவமும் தொலைபேசியும். தந்தை அல்லது கணவர் பெயர், சாதி, திருமண நிலை, புகைப்படம் ஆகியவற்றைக் கேட்கும் பழைய படிவம் மேசை இழுப்பறையில் அப்படியே இருந்தால், விளம்பரத்தில் நீக்கியது படிவத்தில் திரும்ப வந்துவிடும். வருங்கால வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் குடும்ப விவரம் தேவைதான். அதை வேலையில் சேர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம். விளம்பரத்தில் கொடுத்த எண்ணை எடுப்பவர் முதல் கேள்வியாக “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டால், அச்சில் செய்த திருத்தம் அத்தனையும் வீண். அவர் கையிலும் அதே விளம்பரத்தைக் கொடுத்து, நேரம், சம்பளம், வேலை ஆகிய மூன்றை மட்டும் பேசச் சொல்லவேண்டும்.